பதினாறு ஜனவரிகள்: ஓர் ஏரித் தரவும் ஒரு புள்ளியியல் விண்ணப்பமும்

புள்ளியியல் முதுகலைப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள், மதிப்பெண் பட்டியலோடும் பரிந்துரைக் கடிதங்களோடும் ஓர் எஸ்.ஓ.பி. எழுதி அனுப்புகிறார்கள். தான் ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறேன் என்று சொல்லும் ஒன்றிரண்டு பக்க நோக்க அறிக்கை அது. அதில் பெரும்பாலும் சிறு வயதிலேயே கணக்கு பிடிக்கும் என்று இருக்கும், படித்த பாடங்களின் பெயர்கள் இருக்கும், கற்ற மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். இவற்றில் பாதியை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடுகிறது. அது சொல்லாத ஒன்று உண்டு: வழிகாட்ட ஆசிரியர் இல்லாமல், கேள்வியும் கொடுக்கப்படாமல், ஒரு மாணவரை எண்களோடு தனியே விட்டால் அவர் முதலில் எதைக் கேட்பார்? தானே தேடி எடுத்து, தானே ஆராய்ந்த ஒரே ஒரு தரவுத் தொகுப்பைப் பற்றி எழுதும்போதுதான் அது வெளிப்படுகிறது.

அப்படிக் கேட்கக்கூடிய கேள்விகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காட்டிக்கொடுக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். இந்தத் தரவில் ஒன்றையொன்று சாராத தகவல்கள் உண்மையில் எத்தனை? கோப்பில் எத்தனை வரிசைகள் என்பதற்கும் இதற்கும் விடை பெரும்பாலும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சென்னையின் நான்கு ஏரிகளைக் கொண்டு அளந்து பார்க்கலாம்.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு கேள்வி

ராஜா அண்ணாமலைபுரத்தில் வசிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்குத் தெற்கே சிறிது தூரத்தில் அடையாறு கடலை நெருங்குகிறது. திரு.வி.க. பாலத்தில் நின்றால் அந்தக் கழிமுகம் விரிந்து தெரியும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் இந்த ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். 2015 டிசம்பரில் அந்த நீரும் சேர்ந்துதான் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. 2019 ஜூனில் அதே ஏரி வறண்டு கிடந்தது, தெருக்களில் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு எல்லைகளையும் பார்த்த ஒருவருக்கு ஒரு கேள்வி இயல்பாகவே எழும். நம் ஏரிகளில் நீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறதா?

அதற்கான தரவு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு ஆகியவற்றைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. 2004 ஜனவரி 1 முதல் 2019 ஜூன் நடுப்பகுதி வரையிலான அன்றாட இருப்பை ஒரே கோப்பாகத் தொகுத்து `chennai_reservoir_levels.csv` என்ற பெயரில் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். தேதிக்கு ஒரு நெடுவரிசை, ஏரிக்கு ஒன்றாக நான்கு நெடுவரிசைகள், ஏறத்தாழ 5,600 நாட்கள். இளநிலை மாணவர் ஒருவருக்கு இது பெரிய தரவாகவே தோன்றும்.

எண்களுக்குப் பின்னால் இருப்பது

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு எண்ணும் எப்படிப் பிறக்கிறது என்று கேட்க வேண்டும். ஏரியின் இருப்பை யாரும் நேரடியாக அளப்பதில்லை. அளக்கப்படுவது நீர்மட்டம். இத்தனை அடி மட்டத்துக்கு இத்தனை மில்லியன் கன அடி என்ற அட்டவணை ஒன்று இருக்கிறது, மட்டத்தை அதில் வைத்து இருப்பைக் கணக்கிடுகிறார்கள். ஏரியில் வண்டல் சேர்ந்தால் அதே மட்டத்தில் நிற்கும் நீர் குறையும். ஆனால் அட்டவணையைத் திருத்தும்வரை கோப்பில் இருக்கும் எண் குறையாது.

அடுத்து, நான்கு நெடுவரிசைகள் நான்கு தனித்தனிக் கதைகள் அல்ல. பூண்டியில் சேரும் நீர் கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் அனுப்பப்படுகிறது. ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் கிருஷ்ணா நீரும் முதலில் பூண்டிக்குத்தான் வருகிறது. பூண்டியில் இருப்பு குறைந்து புழலில் கூடினால் அது வானிலையின் வேலையாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பொறியாளர் மதகைத் திறந்ததாக இருக்கலாம். ஏரிக்கு ஏரி நகரும் நீர் மொத்தத்தை மாற்றாது. ஆகவே நான்கையும் கூட்டி ஒரே வரிசையாக்குவது நல்ல தொடக்கம்.

மூன்றாவதாக, இந்த எண்களுக்கு மேலே ஒரு கூரையும் கீழே ஒரு தரையும் உண்டு. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிரம்பிய ஏரிக்குள் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இருப்பு அதற்கு மேல் ஏறாது, வந்தது வெளியேறும். 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடும் நீர் 86,400 கன அடி. எனவே 29,000 கன அடி வீதம் ஒரு நாள் நீடித்தால் சுமார் 2,500 மில்லியன் கன அடி வெளியேறும், அதாவது ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகம். ஆனால் இருப்பு நெடுவரிசையில் அந்த நாட்கள் கூரையை ஒட்டி நகரும் சாதாரணக் கோடாகவே தெரியும். நகரம் கண்ட மிகப் பெரிய வெள்ளங்களில் ஒன்று இந்தத் தரவில் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாது. வெள்ளத்தைப் பற்றி இந்தக் கோப்பிடம் எதையும் கேட்க முடியாது என்பதை முதலிலேயே கண்டுகொள்வதும் ஆய்வின் ஒரு பகுதிதான்.

ஏரியின் நினைவு எவ்வளவு நீளம்?

இப்போது தாளும் பென்சிலும் போதும். நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 28.3 மில்லியன் லிட்டர். 2019 நெருக்கடிக்கு முன் நகருக்கு நாளொன்றுக்குச் சுமார் 830 மில்லியன் லிட்டர் விநியோகம் ஆனது. அது முழுவதும் ஏரிகளிலிருந்தே வருகிறது என்று வைத்தால் நாளுக்கு 29.3 மில்லியன் கன அடி செலவாகும். நிரம்பிய ஏரிகள் 384 நாட்கள் தாங்கும். ஆவியாதலைச் சேர்த்தால் இன்னும் குறையும், மற்ற நீர் ஆதாரங்களைச் சேர்த்தால் கூடும். எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஓராண்டை ஒட்டியே நிற்கிறது.

இந்த ஒரு வகுத்தல் தரவின் இயல்பையே சொல்லிவிடுகிறது. மொத்த இருப்பில் ஒரு நாளில் நடக்கும் செலவு கால் விழுக்காடு அளவுதான். ஆகவே இன்றைய இருப்பு நேற்றைய இருப்பின் நகலுக்கு மிக அருகில் இருக்கும். அது மாறுவதற்கு மாதங்கள் ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நிரப்புகிறது, அடுத்த ஒன்பது மாதம் நகரம் அதைக் குடித்துத் தீர்க்கிறது. புதிய செய்தி ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. 5,600 வரிசைகள் கொண்ட கோப்பில், 2003 முதல் 2018 வரை பெய்த பதினாறு பருவமழைகளின் விளைவுகள்தான் இருக்கின்றன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தப் பானையிலிருந்தே ஆயிரம் பருக்கைகளை எடுத்துப் பார்த்தாலும் அடுத்த பானையின் பதம் தெரியாது. இந்தத் தரவில் பருக்கைகள் 5,600, பானைகள் பதினாறு.

இதைச் சூத்திரமாகவும் சொல்லலாம். ஒரு வரிசையின் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவுக்குத் தன்னொட்டுறவு என்று பெயர். அதை r என்று குறிப்போம். ஒவ்வொரு மதிப்பும் முந்தியதை மட்டும் சார்ந்திருக்கும் எளிய மாதிரியில், n வரிசைகள் சராசரியைப் பற்றித் தரும் தகவல் n(1−r)/(1+r) தனித்த பதிவுகள் தரும் தகவலுக்குச் சமம். ஆர் மென்பொருளில் இது இரண்டே வரி:

```r
r <- acf(x, lag.max = 1, plot = FALSE)$acf[2]
length(x) * (1 - r) / (1 + r)
```

ஏரி இருப்பு போன்ற மெதுவான வரிசையில் r 0.99 அளவில் இருக்கும் என்று கொள்வோம். அப்போது 5,647 வரிசைகளுக்கு விடை 28 தான். பருவச் சுழற்சி கொண்ட தரவுக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது, r-இல் சின்ன மாற்றம் வந்தாலும் விடை வெகுவாக மாறும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் அல்ல, பத்துக்கணக்கில்தான் சிந்திக்க வேண்டும் என்பதைச் சூத்திரமும் சொல்கிறது, ஏரியின் கொள்ளளவும் சொல்கிறது. வேறு வேறு வழிகளில் போட்ட இரண்டு கணக்குகள் ஒரே பக்கம் காட்டினால் அந்தத் திசையை நம்பலாம்.

நேர்கோடு சொல்லும் பொய்

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? மாணவி மொத்த இருப்பின் மீது ஒரு நேர்கோடு பொருத்துகிறார். மென்பொருள் ஒவ்வொரு நாளையும் தனித்த சாட்சியாக எண்ணித் திட்டப் பிழையைக் கணக்கிடுகிறது. சரிவை அதன் திட்டப் பிழையால் வகுத்தால் 10 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தக வழக்கப்படி 2-ஐத் தாண்டினாலே பொருட்படுத்தத்தக்கது, 10 என்றால் ஐயத்துக்கே இடமில்லை. சென்னையின் ஏரிகள் வற்றிவருவது நிரூபணமாகிவிட்டது என்று எஸ்.ஓ.பி.யில் எழுதத் தோன்றும். ஆனால் r 0.99 என்றால் உண்மையான திட்டப் பிழை மென்பொருள் சொன்னதைப்போல் (1+r)/(1−r) என்பதன் வர்க்கமூலம் மடங்கு, அதாவது 14 மடங்கு இருக்கும். 10 என்ற எண் 0.7 ஆகச் சுருங்கும். அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

தவறு நடக்கிறது என்று கண்டுபிடிக்க வழிகள் உண்டு. கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவுகளை, அதாவது எச்சங்களை, தேதி வரிசையில் வரைந்து பார்த்தால் போதும். அவை கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்க வேண்டும். இங்கே மாதக்கணக்கில் மேலேயே இருந்து, பிறகு மாதக்கணக்கில் கீழேயே கிடக்கும். டர்பின்–வாட்சன் அளவு அதையே ஓர் எண்ணாகச் சொல்லும். எச்சங்கள் சார்பற்றவை என்றால் அது 2-ஐ ஒட்டி வரும், இங்கே 0.02 அளவுக்கு விழுந்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். பத்து வரிசைக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் நீக்கிவிட்டுக் கோட்டை மறுபடியும் பொருத்திப் பார்க்கலாம். வரிசைகள் உண்மையிலேயே தனித்தவை என்றால், இத்தனை தகவலை இழந்ததும் சரிவு கணிசமாக ஆட வேண்டும். பழைய திட்டப் பிழையைப் போல் மூன்று மடங்கு அளவுக்கு அது நகர்வது இயல்பு. ஏரித் தரவில் சரிவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். பத்தில் ஒன்பதை எறிந்தும் எதையும் இழக்கவில்லை என்றால், எறிந்தவற்றில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை என்றே பொருள். இந்தச் சோதனையைத் தானே யோசித்துச் செய்து பார்த்த மாணவரின் இரண்டு வாக்கியம், பத்து மென்பொருள் பெயர்களைவிட அதிகம் பேசும்.

இன்னொரு மயக்கமும் இதே வேரிலிருந்து முளைக்கிறது. நாளைய ஏரி இருப்பை 98 விழுக்காடு துல்லியமாகக் கணிக்கும் மாதிரியை உருவாக்கினேன் என்று ஒருவர் எழுதலாம். r 0.99 என்றால் அதன் வர்க்கம் 0.98. நாளை இருப்பு இன்றுபோலவே இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலே அந்த 98 கிடைத்துவிடும். எந்தக் கணிப்பையும் முதலில் இந்தச் சோம்பேறிக் கணிப்போடு ஒப்பிட வேண்டும். அதை வென்ற பிறகுதான் மாதிரியைப் பற்றிப் பேசலாம்.

யூலும் வாக்கரும்

புள்ளியியலின் முன்னோடிகளே முட்டிப் பார்த்த சுவர் இது. 1925-இல் அட்னி யூல் ராயல் புள்ளியியல் கழகத்தின் முன் ஓர் உரை நிகழ்த்தினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் நடந்த திருமணங்களில் ஆங்கிலிக்கன் திருச்சபையில் நடந்தவற்றின் பங்கையும், அதே ஆண்டுகளின் இறப்பு விகிதத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார். ஒட்டுறவு 0.95. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, இரண்டும் அந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் மெதுவாக இறங்கின, அவ்வளவுதான். மெதுவாக நகரும் வரிசைகளை எடுத்தால் பொருளற்ற பெரிய ஒட்டுறவுகள் அடிக்கடி வரும் என்பதை அவர் விளக்கினார். பிறகு 1974-இல் கிரேஞ்சரும் நியூபோல்டும் ஒன்றையொன்று சாராத இரண்டு தன்னிச்சை நடைகளைக் கணினியில் உருவாக்கி ஒன்றின் மீது மற்றதைப் பொருத்தினார்கள். நான்கில் மூன்று முறை வழக்கமான சோதனை, உறவு இருக்கிறது என்றது.

யூலோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு பெயர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்தவர். பருவமழையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அவர்முன் இருந்த பணி. உலகெங்கும் உள்ள நிலையங்களின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மழையையும் இந்திய மழையோடு ஒட்டிப் பார்த்தார். இத்தனை ஒட்டுறவுகளைக் கணக்கிட்டால் அவற்றுள் சில தற்செயலாகவே பெரிதாக வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1914-லேயே, பலவற்றுள் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குத் தனி அளவுகோல் வேண்டும் என்று எழுதினார்.

நம் மாணவிக்கும் அது பொருந்தும். நான்கு ஏரிகளின் இருப்பை ஐந்து வெவ்வேறு மாத மழையோடு ஒட்டிப் பார்த்தால் இருபது சோதனைகள். எதிலும் உறவே இல்லை என்றாலும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், குறைந்தது ஒன்றாவது 5 விழுக்காட்டு எல்லையைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. ஆகவே எஸ்.ஓ.பி.யில் கண்டுபிடித்ததைச் சொல்லும் வாக்கியத்திலேயே எத்தனை சோதனைகளில் அது கிடைத்தது என்பதும் இருக்க வேண்டும்.

பதினாறைக் கொண்டு என்ன செய்யலாம்?

பதினாறு என்பது சிறிய எண்தான், ஆனால் பூஜ்ஜியம் அல்ல. பருவமழை முடிந்த பின் ஜனவரி 1 அன்று இருக்கும் மொத்த இருப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2004 முதல் 2019 வரை பதினாறு ஜனவரிகள். கேள்வியையும் மாற்றிக்கொள்ளலாம். ஏரிகள் வற்றிவருகின்றனவா என்ற பெரிய கேள்விக்குப் பதிலாக, ஜனவரி முதல் நாளின் இருப்பைப் பார்த்தே ஜூன் முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். இது தரவால் தாங்கக்கூடிய கேள்வி. ஒரு நகரத்துக்குப் பயன்படும் கேள்வியும்கூட.

இதற்கும் முதலில் எண்கணிதம்தான். ஜனவரி 1 முதல் ஜூன் 1 வரை 151 நாட்கள். நாளுக்கு 830 மில்லியன் லிட்டரும் ஏரிகளிலிருந்தே வர வேண்டும் என்றால் சுமார் 4,400 மில்லியன் கன அடி தேவை. ஆனால் 2004-இல் வீராணம் குழாய் வந்தது, நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர். இவை முழு அளவில் இயங்கினால் ஏரிகள் தர வேண்டியது 450 மில்லியன் லிட்டர்தான். தேவையான ஜனவரி இருப்பு சுமார் 2,400 மில்லியன் கன அடியாக இறங்கிவிடும். ஆவியாதல் இரண்டு கணக்கையும் மேலே தள்ளும். அப்படியானால் 2006-இன் ஜனவரியும் 2016-இன் ஜனவரியும் ஒரே வகைப் பதிவுகள் அல்ல. அதே இருப்பு வெவ்வேறு கோடையைக் குறிக்கும். பதினாறுக்குள்ளும் இரண்டு மூன்று காலங்கள் ஒளிந்திருக்கின்றன.

அதன் பிறகே ஒட்டுறவு. பதினாறு ஜோடிகளில் ஒட்டுறவு 0.5-ஐத் தொட்டால்தான் 5 விழுக்காட்டு எல்லையில் ஏதாவது பேசலாம். 0.7 வந்தால்கூட அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.31-இலிருந்து 0.89 வரை விரிந்து கிடக்கும். பலவீனமான உறவா, மிக வலுவான உறவா என்பதைக்கூட இந்தத் தரவு முடிவாகச் சொல்லாது. அந்த அகலத்தை மறைக்காமல் எழுதுவதுதான் புள்ளியியல்.

கோட்டிலிருந்து விலகி நிற்கும் ஆண்டுகளைத் தனித்தனியாகப் பார்ப்பது இங்கே பலன் தரும், பதினாறு என்பதால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். அந்த ஆண்டு கிருஷ்ணா நீர் வந்ததா? கோடையில் மழை பெய்ததா? விநியோகத்தைக் குறைத்தார்களா? கடைசிக் கேள்வி நுட்பமானது. 2019-இல் நாளொன்றுக்கு 830 மில்லியன் லிட்டராக இருந்த விநியோகம் 525 ஆகக் குறைக்கப்பட்டது. இருப்பு குறைந்ததால் செலவு குறைக்கப்பட்டது, செலவு குறைந்ததால் இருப்பு மெதுவாக இறங்கியது. தரவில் தெரியும் உறவில் அதிகாரிகளின் முடிவும் கலந்திருக்கிறது. அதைப் பிரிக்காமல், விநியோகம் குறைக்கப்படாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் கோட்டிலிருந்து படித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. 2004 தொடக்கம் ஏற்கெனவே வறட்சிக்காலம். 2005-இல் பெருமழை. முடிவு 2019 ஜூன், நெருக்கடியின் உச்சம். கோட்டை 2006 ஜனவரியில், நிரம்பிய ஏரிகளிலிருந்து தொடங்கினால் வீழ்ச்சி செங்குத்தாகத் தெரியும். 2004-இலிருந்து தொடங்கினால் அந்த வீழ்ச்சி தணிந்துவிடும். தொகுப்பு ஏன் 2019 ஜூனில் முடிகிறது? நகரம் வறண்டு, உலகின் பார்வை இங்கே திரும்பிய நேரத்தில்தான் இந்த எண்களைத் தொகுக்கும் எண்ணம் பிறந்தது. முடிவுத் தேதியை வறட்சியே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. ஏரிகள் நிரம்பி வழிந்த ஆண்டில் யாரும் இப்படி ஒரு கோப்பைத் தேடியிருக்க மாட்டார்கள். இறங்குமுகத்தில் முடியும் வரிசையில் இறங்குபோக்கு தெரிவது வியப்பல்ல.

மாற்றமில்லை என்பதும் ஒரு முடிவே

இத்தனைக்கும் பிறகு, ஏரிகள் வற்றிவருகின்றனவா என்பதற்கு இந்தத் தரவு போதாது என்று முடிந்தால், விண்ணப்பம் பலவீனமாகிவிடாதா என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். இந்தியப் புள்ளியியலின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. 1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதுதான் காரணம், கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். மஹலனோபிஸ் சுமார் அறுபது ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று காட்டினார். மாற்றம் இல்லை என்ற அந்த முடிவு, கரையை உயர்த்தும் யோசனைக்கு மாறாக, மேற்புறத்தில் நீரைத் தேக்கும் வழிகளை நோக்கிச் சிந்தனையைத் திருப்பியது.

அவரிடம் அறுபது ஆண்டுகள் இருந்தன, நம் மாணவியிடம் பதினாறு. மாற்றம் இல்லை என்று சொல்வதற்கும், மாற்றம் உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்று சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முதலாவதைச் சொல்ல நீண்ட பதிவு வேண்டும். இரண்டாவதை எத்தனை ஆண்டுகள் இருந்தால் எவ்வளவு மாற்றத்தைப் பிடிக்கலாம் என்ற கணக்கோடு சொல்ல வேண்டும்.

அறிக்கையில் அது எப்படி வரும்?

இவ்வளவும் எஸ்.ஓ.பி.யில் இடம்பெற வேண்டியதில்லை, இடமும் இல்லை. ஒரு பத்தி போதும். தமிழில் சொன்னால் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சென்னையின் நான்கு குடிநீர் ஏரிகளின் பதினைந்தரை ஆண்டு அன்றாட இருப்பை ஆராய்ந்தேன். நிரம்பிய ஏரிகள் நகருக்குச் சுமார் ஓராண்டுதான் தாங்கும் என்ற கணக்கிலிருந்து, 5,600 நாட்களில் எனக்குக் கிடைப்பது பதினாறு பருவமழைகளின் செய்தியே என்று முடிவுக்கு வந்தேன். பத்தில் ஒன்பது நாட்களை நீக்கியும் சரிவு மாறாதது அதை உறுதிசெய்தது. ஆகவே நீண்டகாலப் போக்கைக் கேட்பதை விட்டு, ஜனவரி இருப்பு ஜூன் இருப்பை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று கேட்டேன். 2010 முதல் கடல்நீர் ஆலைகள் வந்ததால் இந்த உறவே மாறியிருக்கிறது. பதினாறு பதிவுகளில் அந்த மாற்றத்தை எப்படி மதிப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியாது.”

இதில் மென்பொருளின் பெயர் இல்லை, தன்னைப் பற்றிய அடைமொழி ஒன்றும் இல்லை. ஒரு கணக்கு, அதைச் சரிபார்த்த ஒரு சோதனை, அதனால் மாறிய கேள்வி, தீராமல் நிற்கும் ஒரு சிக்கல் ஆகிய நான்கு மட்டும் இருக்கின்றன. படிக்கும் பேராசிரியர் எந்த வாக்கியத்தைப் பிடித்துக் கேள்வி கேட்டாலும் அடியில் பதில் இருக்கிறது.

கடைசி வாக்கியம்தான் விண்ணப்பத்தையும் படிப்பையும் இணைக்கிறது. நாட்களைத் தனித்தனியாகக் கலைக்காமல் ஆண்டுகளை முழுமையாக எடுத்து மறுமாதிரி செய்யும் முறைகள், மறைந்திருக்கும் நிலையைக் காலத்தோடு பின்தொடரும் நிலைவெளி மாதிரிகள், கூரையிலும் தரையிலும் முட்டி நிற்கும் மதிப்புகளைக் கையாளும் முறைகள் ஆகியவை முதுகலையில் கற்பிக்கப்படுபவை. ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் கண்ட வெள்ளம் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் பதினைந்து ஆண்டுப் பதிவில் சிக்குவதற்கான வாய்ப்பே 14 விழுக்காடுதான். சிக்கினாலும் அந்த ஒன்றை வைத்து அது நூறாண்டு வெள்ளமா, முப்பதாண்டு வெள்ளமா என்று சொல்ல முடியாது. அதற்குச் சென்னை வானிலை ஆய்வகத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு மழைப் பதிவுகள்வரை பின்னோக்கிப் போக வேண்டும், உச்ச மதிப்புகளுக்கென்றே உள்ள கோட்பாட்டைப் படிக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. தன்னிடம் உள்ள தரவு எங்கே நின்றுவிடுகிறது என்று எண்களால் காட்டத் தெரிந்தவர், அங்கிருந்து மேலே போக எதைக் கற்க வேண்டும் என்பதையும் பெயர் சொல்லிக் கேட்கிறார்.